ஒரிஜினல் சான்றிதழ்கள் பழைய பள்ளியில், ஜூன் 3 புதிய பள்ளியில் சேர வேண்டும்: அவகாசக் கடிதம் சரியா என்று பாருங்கள்

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு பாபநாசம் வட்டாரத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஏப்ரல் 30 அன்று முறைப்படி விலகிவிட்டேன், பணிவிடுப்புக் கடிதமும் கையில் இருக்கிறது. இப்போது கும்பகோணத்தில் வேறு ஒரு பள்ளியில் கணித ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 3 சேர வேண்டும்.

நியமன ஆணையில் ஒன்பது சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், எல்லாம் ஒரிஜினல். அதில் நான்கு பழைய பள்ளி பீரோவில் இருக்கிறது. சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போய்க் கேட்டால், "தாளாளர் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார், சாவி அவரிடம், ஜூன் 12 வருவார், வந்ததும் தருகிறோம்" என்கிறார்கள். உண்மையோ என்னவோ. என் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

புதிய பள்ளிக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

> மதிப்பிற்குரிய ஐயா, எனக்குத் தங்கள் பள்ளியில் பணி வழங்கியமைக்கு மிக்க நன்றி. சில தவிர்க்க முடியாத காரணங்களால் என் சான்றிதழ்களை உடனடியாகச் சமர்ப்பிக்க இயலாத சூழ்நிலையில் உள்ளேன். என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, கூடிய விரைவில் சமர்ப்பிக்கிறேன் என்று தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இது போதுமா? இன்று மே 20. எப்போது கொடுப்பது?

திருவாரூர்த்தேர்

டீச்சர், ஜூன் 3-ஐ ஜூன் 15 ஆக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். என் தம்பிக்கு அரசு வேலை வந்தபோது சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டோம், கொடுத்தார்கள். மருத்துவக் காரணம் எழுதினால் யாரும் மறுப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை

அண்ணா, சேரும் தேதி எனக்குப் பிரச்சினை இல்லையே. 3ஆம் தேதி காலையில் போய் நிற்க நான் தயார். காகிதம்தான் வரவில்லை.

கொரடாச்சேரிக்காரன்

இதுக்கு ஏன் கடிதம், கெஞ்சல் எல்லாம்? சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீஸில் ஒரு ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம். அதை வைத்து பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் வாங்கிவிட்டால் பழைய பள்ளிக்காரன் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். பலர் செய்கிறார்கள்.

பழைய கிளார்க்

பலர் செய்கிறார்கள் என்பது சரி. செய்யக் கூடாது என்பதும் சரி. அந்த அறிக்கை இணையத்தில் கிடைக்கும் என்று தம்பி சொன்னது உண்மைதான். ஆனால் அதில் "தொலைந்துவிட்டது" என்று நீ சொல்வது போலீஸிடம் சொல்வது. பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்குப் பழைய பள்ளிக்காரர் அந்த ஒரிஜினலை எடுத்து மேசையில் போட்டால் பொய் சொன்னவர் நீதான். தவிர, டூப்ளிகேட் சான்றிதழில் அது நகல் என்று அச்சிட்டிருக்கும். ஆயுசுக்கும் ஒவ்வொரு நேர்காணலிலும் "ஒரிஜினல் என்ன ஆயிற்று" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஒரு உதவிபெறும் பள்ளி அலுவலகத்தில் 31 வருடம் இருந்தவன். பணிப்பதிவேடு, சான்றிதழ் எல்லாம் என் கையில்தான் போய் வந்தன. அம்மா, முதலில் ஒன்று சொல்லுங்கள். பழைய பள்ளியில் சான்றிதழைக் கொடுத்தபோது ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா?

வெண்ணாற்றங்கரை

கொடுத்தார்கள் ஐயா. பள்ளியின் லெட்டர்பேடில், "கீழ்க்கண்ட சான்றிதழ்களின் அசல் பெறப்பட்டது" என்று நான்கையும் வரிசையாக எழுதி, சீல் வைத்து, அன்றைய முதல்வர் கையெழுத்து. 2023 ஜூன் தேதி. அப்பாதான் அடம்பிடித்து வாங்கினார். மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார், மடித்த இடத்தில் லேசாகக் கிழிந்திருக்கிறது.

பழைய கிளார்க்

உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. மொத்தக் கடிதமும் அந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கப்போகிறது. இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, கிழிந்த மடிப்பைப் பின்பக்கத்திலிருந்து ஒட்டுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். அதை வாங்கிப் படிக்கிற தாளாளருக்கு மூன்று சந்தேகம் வரும். "தவிர்க்க முடியாத காரணம்" என்றால் அரியர் இருக்குமோ? "என் சான்றிதழ்களை" என்றால் ஒன்பதுமே இல்லையோ? "கூடிய விரைவில்" என்றால் தீபாவளிக்கா, பொங்கலுக்கா? உங்களிடம் ஒரு குறையும் இல்லை, ஆனால் கடிதம் குறை இருப்பவர் எழுதியது மாதிரி இருக்கிறது. குடும்பச் சூழ்நிலை எங்கே வந்தது இதில்? சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, குடும்பத்தில் இல்லை.

கடைசி வரியை உரக்கப் படித்துப் பாருங்கள். "சமர்ப்பிக்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறேன்." எதைக் கேட்கிறீர்கள்? அவகாசம் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை.

கும்பகோணம் டிகிரி

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். ஒரு தனியார் பள்ளியில் அலுவலக மேலாளர். பெரியவர் சொன்ன மூன்று சந்தேகமும் நிஜம். நாலாவது ஒன்று உண்டு: "இந்த டீச்சர் இன்னொரு பள்ளியிலும் ஆர்டர் வாங்கி வைத்திருக்கிறாரா? அங்கே ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு இங்கே நேரம் கேட்கிறாரா?" மே மாதத்தில் எங்களுக்கு அதுதான் பயம். ஜூன் 3 காலையில் பத்தாம் வகுப்புக்கு ஆள் இல்லாமல் நிற்போம். அதனால் கடிதத்தின் முதல் வரியிலேயே "ஜூன் 3 அன்று சேர்கிறேன்" என்று இருந்தால் பாதிக் கவலை போய்விடும். காரணமெல்லாம் அப்புறம்தான் படிப்போம்.

தஞ்சை ஐடி

ஒரிஜினலைப் பிடித்து வைப்பதே தவறு. யுஜிசி 2018லேயே யாரும் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்துவிட்டது. அதைக் கடிதத்தில் மேற்கோள் காட்டுங்கள். இன்னொன்று, டிஜிலாக்கரில் இருப்பது சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமம். அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

பழைய கிளார்க்

யுஜிசி அறிவிப்பு கல்லூரி, பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர்களின் சான்றிதழுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும். மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சருக்கு அதில் இடம் இல்லை. அதை எழுதினால் தாளாளரின் வக்கீல் சிரிப்பார். மேலும், அவகாசம் கேட்கிற கடிதத்தில் சட்டம் பேசினால் அது நோட்டீஸ் ஆகிவிடும்.

டிஜிலாக்கர் விஷயம் நல்ல யோசனை. அதில் வழங்கும் நிறுவனமே ஏற்றிய ஆவணத்தை அசலுக்கு நிகராகக் கொள்ளலாம் என்று விதி இருப்பது உண்மை. ஆனால் பல்கலைக்கழகம் உங்கள் வருடத்துச் சான்றிதழை ஏற்றியிருக்க வேண்டும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது அந்தக் கணக்கில் வராது. தேடிப் பாருங்கள் அம்மா.

வெண்ணாற்றங்கரை

தேடினேன். பத்தாவதும் பன்னிரண்டாவதும் வருகிறது, அவை ஏற்கெனவே கையில் இருப்பவை! பி.எஸ்சி., பி.எட். இரண்டும் வரவில்லை.

ஆனால் தேடும்போது டிரங்குப் பெட்டியில் பி.எட். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கிடைத்தது. அதுவும் ஒரிஜினல். பட்டச் சான்றிதழ் வந்த பிறகு இதை யாரும் கேட்கவில்லை, மறந்தே போயிருந்தேன்.

பழைய கிளார்க்

பார்த்தீர்களா! பட்டம் வாங்கியவர் என்பதற்கு அதுவே போதும். 3ஆம் தேதி அதைக் கையோடு கொண்டு போங்கள். "பட்டம் இருக்கிறதா" என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்து, "காகிதம் எப்போது வரும்" என்பது மட்டும்தான் மிச்சம்.

வேதாரண்யம் உப்பு

நடுவில் புகுந்து பேசுவதற்கு மன்னிக்கவும். கஜா புயலில், 2018 நவம்பர் 16 விடியற்காலை, எங்கள் வீட்டு ஓடு பறந்து அலமாரி முழுக்க நனைந்தது. என் டிப்ளமோ மதிப்பெண் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மை மட்டும் கையில் வந்தது. அடுத்த மாதம் ஓசூரில் வேலைக்குச் சேர வேண்டும். நானும் இதே மாதிரி "கூடிய விரைவில்" என்றுதான் எழுதினேன். அவர்கள் பதிலே போடவில்லை. பிறகு நனைந்த சான்றிதழின் போட்டோவையும், டூப்ளிகேட்டுக்குப் பணம் கட்டிய ரசீதையும் வைத்து, தேதி போட்டு எழுதிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். என்னுடையது உண்மையிலேயே அழிந்தது, அதனால் டூப்ளிகேட் வாங்குவதில் கூச்சம் இல்லை. உங்களுடையது வேறு கதை என்று புரிகிறது. ரசீது காட்டினால் நம்புகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

வெண்ணாற்றங்கரை

சரி, தேதி எதைப் போடுவது? ஜூன் 12 தருவதாகச் சொல்கிறார்கள். ஜூன் 13 என்று போடவா?

பழைய கிளார்க்

நீடாமங்கலத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? மேட்டூர் 12ஆம் தேதி திறந்தால் உங்கள் வாய்க்காலில் 13ஆம் தேதி தண்ணீர் வருகிறதா? கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள். அப்புறம் வெண்ணாறு, அப்புறம் கிளை வாய்க்கால். கடைமடைக்காரன் எந்தத் தேதியை நம்பி நாற்று விடுகிறானோ அந்தத் தேதியைப் போடுங்கள்.

எண்ணிப் பாருங்கள். தாளாளர் 12 வருகிறார், இரண்டு நாள் களைப்பு. அப்புறம் நூலகப் புத்தகம், ஆய்வகச் சாவி, நிலுவை இல்லை என்று நான்கு கையெழுத்து. அது ஒரு வாரம். நடுவில் ஞாயிறு. அவகாசம் ஜூன் 24 வரை கேளுங்கள். 18ஆம் தேதியே கிடைத்தால் 18ஆம் தேதியே கொடுங்கள், நல்ல பெயர். 13 என்று எழுதிவிட்டு இரண்டாவது கடிதம் எழுதினால், அந்த இரண்டாவது கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

கும்பகோணம் டிகிரி

ஜூன் 24 எங்களுக்கும் ஓகே. ஒரு மாதம் தாண்டிக் கேட்டால்தான் நிர்வாகத்திடம் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

வெண்ணாற்றங்கரை

பழைய பள்ளி பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதலாமா? கோபமாக வருகிறது. ஏப்ரல் சம்பளமும் இன்னும் போடவில்லை.

கொரடாச்சேரிக்காரன்

எழுதுங்கள்! ஊருக்கே தெரியட்டும்.

பழைய கிளார்க்

எழுதாதீர்கள். புதிய தாளாளரும் ஒரு தாளாளர்தான். "இந்த டீச்சர் நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்" என்றுதான் அவர் படிப்பார். "பழைய பள்ளி அலுவலகத்தில் உள்ளன, இன்ன தேதியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்பதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஒரு சொல்லிலும் கோபம் இல்லை.

கோபத்தைக் காட்டத் தனியாக ஒரு கடிதம் உண்டு. பழைய பள்ளிக்கு: "2023 ஜூனில் தாங்கள் ஒப்புகை அளித்துப் பெற்ற நான்கு அசல்களையும் ஜூன் 15க்குள் திருப்பித் தரவும்." தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகை அட்டையோடு என்று கவுன்ட்டரில் கேளுங்கள். அதன் நகலும் தபால் ரசீதும் புதிய பள்ளிக் கடிதத்துக்கு இணைப்பு ஆகும். நீங்கள் கேட்டு வாங்க முயல்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. 15க்குப் பிறகும் தரவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அது அப்போதைய கதை.

வெண்ணாற்றங்கரை

எல்லாவற்றையும் வைத்துத் திருப்பி எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

> பொருள்: பணியில் சேர்தல் – நான்கு அசல் சான்றிதழ்களைச் சமர்ப்பிக்க ஜூன் 24 வரை அவகாசம் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: தங்கள் பணி நியமன ஆணை, நாள் மே 9.
>
> ஐயா,
>
> பார்வையில் கண்ட ஆணைப்படி ஜூன் 3 அன்று கணித ஆசிரியையாகப் பணியில் சேர்கிறேன்.
>
> ஆணையில் கேட்கப்பட்ட ஒன்பது சான்றிதழ்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பணிவிடுப்புக் கடிதம் ஆகிய ஐந்தின் அசலையும் அன்றே சமர்ப்பிக்கிறேன். பி.எஸ்சி. பட்டச் சான்றிதழ், பி.எட். பட்டச் சான்றிதழ், இரண்டுக்குமான மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகிய நான்கின் அசலும் நான் முன்பு பணியாற்றிய பள்ளியின் அலுவலகத்தில் உள்ளன. அவற்றைப் பெற்றுக்கொண்டதாக அப்பள்ளி அளித்த ஒப்புகையின் நகலை இணைத்துள்ளேன். அப்பள்ளித் தாளாளர் ஜூன் 12 அன்று வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் தருவதாக அலுவலகத்தில் தெரிவித்துள்ளனர்.
>
> எனவே, இந்த நான்கு அசல்களையும் சமர்ப்பிக்க ஜூன் 24 வரை அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை சான்றொப்பமிட்ட நகல்களையும் பி.எட். தற்காலிகப் பட்டச் சான்றிதழின் அசலையும் சரிபார்ப்புக்குத் தருகிறேன். பட்டங்களின் உண்மைத்தன்மையைப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திடமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திடமும் தாங்கள் நேரடியாகக் கேட்டறிவதற்கு எனக்குச் சம்மதம்.

கும்பகோணம் டிகிரி

கடைசி வரி பிரமாதம். உண்மைத்தன்மைக்கு எழுதச் சொல்கிறவர் போலிச் சான்றிதழ் வைத்திருக்க மாட்டார். பெரும்பாலும் நாங்கள் எழுதக்கூட மாட்டோம்.

பழைய கிளார்க்

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்வேன். மூன்று இடத்தில் "சமர்ப்பிக்க" என்று எழுதியிருக்கிறீர்கள். நியமன ஆணையில் என்ன சொல் இருக்கிறது?

வெண்ணாற்றங்கரை

"அசல் சான்றிதழ்களைச் சமர்ப்பிக்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது ஐயா.

பழைய கிளார்க்

அதில்தான் வம்பு. அவர்கள் அந்தச் சொல்லுக்குக் கொடுத்து வைத்துவிட்டுப் போவது என்று அர்த்தம் வைத்திருக்கலாம். மூன்று வருடம் முன்னால் அந்தச் சொல்லில்தான் உங்கள் நான்கு காகிதமும் பீரோவுக்குள் போயின. "அசலைச் சரிபார்ப்புக்குக் காட்டி, சான்றொப்பமிட்ட நகலைச் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதுங்கள். ஒரு பீரோவிலிருந்து எடுத்து இன்னொரு பீரோவில் வைக்கவா இத்தனை பாடு?

கும்பகோணம் டிகிரி

பெரியவர் மேல் மரியாதை உண்டு, இதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. அவகாசம் கேட்கிற கடிதத்தில் நிபந்தனையும் வைத்தால் இரண்டும் போகும். எங்கள் பக்கமும் பாருங்கள். போன வருடம் நவம்பரில் ஒரு வேதியியல் டீச்சர் வாட்ஸ்அப்பில் "நாளை முதல் வரமாட்டேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் வகுப்பு. பிள்ளைகளின் பெற்றோர் என் அறையில் வந்து நின்றார்கள். ஒரிஜினல் கையில் இருந்தால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸாவது கொடுத்திருப்பார்.

பழைய கிளார்க்

நோட்டீஸ் வேண்டுமென்றால் நியமன ஆணையில் ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பட்டம் அவர் உழைத்து வாங்கியது, பள்ளியின் ஜாமீன் பொருள் இல்லை. அடகுக் கடையில்கூட வைத்துக்கொண்டு பணம் தருகிறான்.

தஞ்சை ஐடி

😂 அடகுக் கடை.

கும்பகோணம் டிகிரி

சொல்வது எளிது ஐயா. ஆணையில் எழுதியிருந்தாலும் ஒரு மாதச் சம்பளத்துக்காக எந்தப் பள்ளி கோர்ட்டுக்குப் போகும்?

வெண்ணாற்றங்கரை

இரவு முழுக்க யோசித்தேன். "சமர்ப்பிக்க" என்பதை எடுத்துவிட்டு "சரிபார்ப்புக்கு அளிக்க" என்று போட்டிருக்கிறேன். காட்டுவது என்றும் படிக்கலாம், கொடுப்பது என்றும் படிக்கலாம். கோழைத்தனம்தான், வேலை வேண்டுமே.

பழைய கிளார்க்

கோழைத்தனம் இல்லை, வக்கீல்தனம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் "பெறப்பட்டது" என்று தேதியோடு சீல் வாங்குங்கள். முதல்வருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதும் என்பார்கள், சரி என்று சொல்லிவிட்டு சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் 3 காலையில் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அன்றைக்கு அவர்களுக்கு ஆயிரம் வேலை. இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள்.

திருவாரூர்த்தேர்

இப்போதுதான் முழுதும் படித்தேன். நான் வேறு என்னவோ சொல்லியிருக்கிறேன். மருத்துவக் காரணத்தை மறந்துவிடுங்கள் டீச்சர்.

வெண்ணாற்றங்கரை

மே 25. போய்விட்டு வந்தேன். தாளாளர் இல்லை, முதல்வர் அம்மா வாங்கிப் படித்தார். முதல் பக்கத்தை ஒருமுறைதான் பார்த்தார், பழைய பள்ளி ஒப்புகையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அவர்கள் எழுதியா கொடுத்தார்கள்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். என் பிரதியின் மேல் பச்சை மையில் "24.6 வரை அனுமதி" என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது, "உங்களிடம் கொடுத்ததும் இதே மாதிரி ஒப்புகை தருவீர்களா அம்மா?" என்று கேட்டேன். "அதைத் தாளாளர் வந்ததும் பேசிக்கலாம்" என்றார். பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் ஐயா?

பழைய கிளார்க்

வைத்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். அப்பாவையும் மஞ்சள் பையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.